ஒரே ஜன்னல், மூன்று கொட்டேஷன்

வீடு கட்டுகிறவர் கையில் மூன்று கொட்டேஷன்கள் இருக்கும். அலுமினியம் சதுர அடி 420 ரூபாய், யூபிவிசி 680 ரூபாய். ஆசாரி மட்டும் சதுர அடிக் கணக்கே சொல்லமாட்டார். மரத்துக்குக் கன அடி விலை, கூலி தனி என்பார். (இங்குள்ள விலைகள் கணக்குப் புரிவதற்காகத்தான், ஊருக்கு ஊர் மாறும்.) இந்த மூன்றையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. நாலடிக்கு நாலடி, அதாவது 16 சதுர அடியில் ஒரே ஒரு ஜன்னலை எடுத்து, அது கண்ணாடி, கொசுவலையோடு சுவரில் நிற்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்று மூன்று பேரிடமும் கேட்பதே சரி.

அலுமினியம் 420 என்றால் 6,720 ரூபாய். ஆனால் கொட்டேஷனின் அடியில் இரண்டு டிராக், 4 எம்.எம். கண்ணாடி என்று எழுதியிருக்கும். கொசுவலை வேண்டுமென்றால் மூன்றாவது டிராக்கும் வலைக்கதவும் வேண்டும். அதற்குச் சதுர அடிக்கு 90 வீதம் 1,440. கண்ணாடியை 5 எம்.எம். ஆக்க 320. பொருத்துகூலியும் சிலிக்கானும் 500. ஆக 8,980, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 10,596. சதுர அடிக்கு 662 ரூபாய் ஆகிவிட்டது. யூபிவிசிக்காரர் 5 எம்.எம். கண்ணாடி, வலை, பொருத்துகூலி எல்லாம் சேர்த்தே 680 சொல்லியிருந்தால், வரி மட்டும் கூடி 802 ஆகும். முதலில் 260 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் இப்போது 140தான்.

மரத்தையும் இதே கணக்குக்குக் கொண்டுவரலாம். ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டமும் இரண்டு கதவுகளும் சேர்த்து, சேதாரத்தோடு ஏறக்குறைய மூன்று கன அடி மரம் பிடிக்கும். கன அடி 3,000 என்றால் 9,000. ஆசாரி கூலி 4,500, கண்ணாடி 800, கீல் தாழ்ப்பாள் வகையறா 1,200, பாலிஷ் 1,500, வலைக்கதவு 1,600 என்று வைத்தால் 18,600. சதுர அடிக்கு 1,160க்கு மேல். வலைக்கதவு வேண்டுமா என்பதை மட்டும் சட்டம் இழைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அதற்கும் ஒரு காடி எடுக்க வேண்டும். சட்டம் சுவரில் ஏறியபின் அது பெரும்பாடு.

விலை கூடினாலும் மரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. கீலில் திறக்கும் ஜன்னல் முழு அகலத்துக்கும் திறக்கும். ஸ்லைடிங்கில் கதவை எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதிதான் திறப்பு. காற்று வரும் திசையில் இருக்கும் படுக்கையறைக்கு, அலுமினியமோ யூபிவிசியோ எதுவானாலும், கீலில் திறக்கும் வகைக்கே விலை கேட்பேன்.

கண்ணாடி விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சந்தையில் 3.5 எம்.எம். கண்ணாடியும் உண்டு. ஃப்ரேமுக்குள் போய்விட்டால் விளிம்பு தெரியாது, 3.5க்கும் 4க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படாது. அதனால் பொருத்துவதற்கு முன்பே வெர்னியர் காலிபரால் விளிம்பைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கனம் கூடினால் எடையும் கூடும். நாலடி உயரம், இரண்டடி அகலக் கதவில் 4 எம்.எம். கண்ணாடி ஏழரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 5 எம்.எம். ஒன்பது கிலோவைத் தாண்டும். கண்ணாடியை மாற்றச் சொல்லும்போது ரோலர் அந்த எடைக்கு ஏற்றதா என்றும் கேளுங்கள். டஃபன்ட் கண்ணாடி என்று காசு வாங்கினால் மூலையில் அதன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பிறகு அறுக்க முடியாது என்பதால், பூச்சு முடிந்தபின் எடுத்த அளவையே கொடுக்க வேண்டும்.

யூபிவிசியில் இன்னொரு சோதனை. பிளாஸ்டிக் தானாக விறைப்பாக நிற்காது. உள்ளே இரும்புப் பட்டை செருகியிருக்க வேண்டும். நல்ல காந்தத்தை ஃப்ரேமின் மேலும் கதவின் மேலும் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை.

அளவையும் கவனியுங்கள். மூன்றடி பத்து அங்குலத்தை நாலடியாக்குவது வழக்கம். பாத்ரூம் வென்டிலேட்டர் மூன்று சதுர அடிதான் இருக்கும். குறைந்தபட்ச அளவு என்று பத்துக்குப் பணம் கேட்பவர்களும் உண்டு. கொட்டேஷனில் இது எழுதப்பட்டிருக்காது, பில்லில்தான் வரும். கம்பி கிரில்லை மூன்று கணக்கிலும் சேர்க்காதீர்கள். அதைத் தனியாக வெல்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஹோஸ் குழாயை வெளியிலிருந்து ஜன்னல்மேல் ஐந்து நிமிடம் பீய்ச்சச் சொல்லுங்கள். ஸ்லைடிங் டிராக்கில் நிற்கும் தண்ணீர் அடியில் உள்ள துளைகள் வழியே வெளியே வடிய வேண்டும். உள்பக்கச் சுவரில் ஈரம் கண்டால், துளை போட மறந்திருப்பார்கள் அல்லது சிலிக்கான் இடைவெளி விட்டிருக்கும். ஆட்கள் அங்கே இருக்கும்போதே சரிசெய்ய வைத்துவிடலாம்.