பஃபெட்டையும் சுட்ட பத்திரம்

2007-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த டிஎக்ஸ்யூ என்ற பெரிய மின்சார நிறுவனத்தை கேகேஆர், டிபிஜி போன்ற முதலீட்டு நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து சுமார் 4,500 கோடி டாலருக்கு வாங்கின. அதில் கைக்காசு குறைவு. மீதியெல்லாம் கடன், அதுவும் வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையிலேயே ஏற்றப்பட்ட கடன். எனர்ஜி ஃபியூச்சர் ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தின் கடன் பத்திரங்களை, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாதவே சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது.

அமெரிக்க அரசுப் பத்திரம் அப்போது நான்கு சதவீதச் சொச்சம் வட்டி தந்தது. இவை தந்ததோ பத்து சதவீதத்துக்கு மேல். ரேட்டிங் நிறுவனங்கள் ‘பிபிபி மைனஸ்’ என்ற படிக்குக் கீழே வைக்கும் பத்திரங்களைத்தான் சந்தையில் ஜங்க் பாண்ட் என்கிறார்கள். கடன் வாங்கிய நிறுவனம் வட்டியையோ அசலையோ கட்ட முடியாமல் போகும் வாய்ப்பு இவற்றில் அதிகம்.

அந்தக் கூடுதல் வட்டி எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இப்படிப்பட்ட நூறு நிறுவனங்களுக்குத் தலா 100 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் நான்கு நிறுவனங்கள் கைவிரிக்கின்றன. சொத்துகளை விற்று, வங்கிகள் முதலில் எடுத்துக்கொண்டது போக, அந்த நான்கிலும் உங்களுக்குத் தலா 40 ரூபாய் திரும்புகிறது. நீண்ட காலச் சராசரியும் ஏறத்தாழ இந்த அளவுதான். அரசுப் பத்திரத்தில் போட்டிருந்தால் நான்கு சதவீத வட்டியோடு 10,400 ரூபாய் வந்திருக்கும். அதே தொகை இங்கேயும் கைக்கு வர வேண்டுமானால், மிச்சமுள்ள 96 நிறுவனங்களும் ஏறத்தாழ 6.67 சதவீத வட்டி கட்டியாக வேண்டும். ஆக, அரசு வட்டிக்கு மேலே உள்ள இரண்டே முக்கால் புள்ளி உங்களுக்கு லாபமே இல்லை. மூழ்கிப்போன நான்கு கடன்களுக்கான ஈடு மட்டும்தான்.

ஆனால் ஜங்க் பத்திரங்களின் கூடுதல் வட்டி நீண்ட காலச் சராசரியில் ஐந்து புள்ளியை ஒட்டி இருக்கிறது. எஞ்சிய இரண்டு புள்ளிச் சொச்சம் எதற்கு? பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். திவால்கள் ஆண்டுக்கு நான்கு என்று ஒழுங்காக வருவதில்லை. சில ஆண்டுகள் ஒன்றிரண்டோடு போய்விடும். மந்தம் வந்தால் மொத்தமாக வந்து விழும். 2009-ல் அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கைவிரித்தன. அதே சமயத்தில் முதலீட்டாளரின் பங்குகளும் சரிந்திருக்கும், வேலையும் ஆட்டம் கண்டிருக்கும், பத்திரத்தை விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிடக்கூடிய முதலீட்டைச் சுமப்பதற்கான கூலிதான் அந்த எஞ்சிய வட்டி. 2007-ன் நடுவில் மூன்று புள்ளிக்கும் கீழே இருந்த கூடுதல் வட்டி, 2008 டிசம்பரில் இருபதைத் தாண்டியது. அந்த ஆண்டு இப்பத்திரங்களின் மதிப்பு கால்பங்குக்கு மேல் கரைந்தது. அப்போது விற்காமல் பொறுத்திருந்தவர்களுக்கு அடுத்த ஆண்டே இழப்பு முழுவதும் மீண்டது. முடியாமல் விற்றவர்களுக்கு இழப்பு நிலைத்துவிட்டது.

டெக்சாஸ் நிறுவனத்துக்கு மீட்சி வரவில்லை. அங்கே மின்சாரத்தின் விலை இயற்கை எரிவாயுவின் விலையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். எரிவாயு விலை உயர்ந்தே இருக்கும் என்று நம்பித்தான் அவ்வளவு கடன் ஏற்றினார்கள். பாறை இடுக்குகளிலிருந்து எரிவாயு எடுக்கும் தொழில்நுட்பம் பரவியதும் விலை சரிந்தது, வருமானம் சுருங்கியது, கடன் மட்டும் அப்படியே நின்றது. பஃபெட் 2013-ல் 25.9 கோடி டாலருக்குப் பத்திரங்களை விற்று வெளியேறினார். இடையில் வட்டியாக 83.7 கோடி வந்திருந்தும், வரிக்கு முன் நஷ்டம் 87.3 கோடி. கூட்டாளி சார்லி மங்கரிடம் கேட்காமல் எடுத்த முடிவு அது என்று பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். 2014 ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு போட்டது.

நூறு டாலர் கணக்கில் பார்த்தால், வட்டியாக வந்தது 43, விற்றதில் கிடைத்தது 13. பத்து சதவீத வட்டி பல ஆண்டுகள் ஒழுங்காக வந்தும் அசலின் பள்ளத்தை மூட முடியவில்லை. எல்லாம் நன்றாக நடந்தாலும் கடன் கொடுத்தவருக்கு வட்டியும் அசலும்தான் கிடைக்கும். கெட்டால் அசலே போகும். அதனால் ஒற்றை ஜங்க் பத்திரத்தில் இந்தக் கூடுதல் வட்டிக் கணக்கு செல்லாது. பல தொழில்களில் பரவிய நூறு பத்திரங்கள் இருந்தால்தான் செல்லும்.

ஆபத்து நெருங்குவதை ரேட்டிங்குக்கு முன்பே சந்தை விலை சொல்லிவிடும். ஒரு பத்திரத்தின் வட்டி வருவாய் அரசுப் பத்திரத்தைவிடப் பத்து புள்ளிக்கு மேல் போனால், அதை நெருக்கடியில் உள்ள கடனாகவே சந்தைக்காரர்கள் நடத்துகிறார்கள். எதிர்ப்பக்கமும் கவனிக்க வேண்டியதே: இந்த இடைவெளி மூன்று புள்ளிக்குக் கீழே இறங்கும்போது, மூழ்கக்கூடிய கடன்களுக்கான ஈட்டுக்கு மேல் உங்களுக்குக் கூலியாக ஏறக்குறைய எதுவுமே மிஞ்சுவதில்லை.