டிராக்டர் டிரெய்லர் நடைக் கணக்கீடு

டிராக்டர் டிரெய்லரில் மணல், செங்கல், மண் ஆகியவற்றைக் கொண்டுவர எத்தனை நடை தேவை என்பதைப் பெட்டியின் கொள்ளளவு, பொருளின் அடர்த்தி, அனுமதிக்கப்பட்ட எடை ஆகிய மூன்றையும் கொண்டு கணக்கிடுவதே நடைக் கணக்கீடு ஆகும். சென்னையின் வடக்கே, கடலுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட எண்ணூர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடு கட்டுவோர் மனையை மண் கொட்டி உயர்த்துவதற்கு இக்கணக்கு தேவைப்படுகிறது.

அடிப்படை விதி

பெட்டியின் உள் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அடியில் அளந்து பெருக்கினால் கன அடி கிடைக்கும். தமிழ்நாட்டில் 100 கன அடி ஒரு யூனிட் எனப்படும். பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் ஏற்றத்தக்க சுமை கிடைக்கும். பெட்டி நிறைவதும் சுமை வரம்பை எட்டுவதும் ஆகிய இரண்டில் எது முதலில் நிகழ்கிறதோ, அதுவே ஒரு நடையின் அளவு.

எடுத்துக்காட்டு

ஒரு டிரெய்லரின் உள்ளளவு 10 × 6 × 2 அடி, அதாவது 120 கன அடி எனவும், ஏற்றத்தக்க சுமை 5,000 கிலோ எனவும் கொள்வோம்.

மணல்: உலர்ந்த மணல் கன அடிக்கு ஏறத்தாழ 45 கிலோ எடையுள்ளது. பெட்டி நிறைய ஏற்றினால் 5,400 கிலோ ஆகிவிடும். எனவே 111 கன அடி மட்டுமே ஏற்றலாம். மணல் பெட்டியின் விளிம்புக்கு 2 அங்குலம் கீழே நிற்க வேண்டும். 6 யூனிட் மணலுக்குக் கொள்ளளவின்படி 5 நடை போதும் எனத் தோன்றினாலும், எடையின்படி 6 நடை தேவை. மழையில் ஊறிய மணல் இதைவிடக் கனமானது என்பதால் மேலும் குறைவாகவே ஏற்ற வேண்டும்.

மண்: தளர்வான மண் கன அடிக்கு ஏறத்தாழ 40 கிலோ. 120 கன அடி 4,800 கிலோ என்பதால் பெட்டியை விளிம்பு மட்டம் வரை நிரப்பலாம். குவித்து ஏற்றினால் வரம்பு மீறும். 30 × 40 அடி மனையை 2 அடி உயர்த்த 2,400 கன அடி கெட்டித்த மண் வேண்டும். கொட்டிய மண் இடித்துக் கெட்டிக்கும்போது சுமார் ஐந்தில் ஒரு பங்கு அமுங்குவதால், 3,000 கன அடி கொண்டுவர வேண்டும். அது 25 நடை. அமுக்கத்தைக் கருதாமல் 20 நடையோடு நிறுத்தினால் மனை ஏறத்தாழ 5 அங்குலம் தாழ்ந்துவிடும்.

செங்கல்: இடைவெளி போக இப்பெட்டியில் சுமார் 1,500 கற்கள் அடுக்கலாம். ஒரு கல் 3 கிலோ எனில் 12,000 கற்களுக்கு 8 நடை. கல் 3.5 கிலோ எனில் 1,428 கற்களே ஏற்றலாம்; 9 நடை ஆகும். பத்துக் கற்களை எடைபோட்டுச் சராசரி காண்பது நல்லது.

சரிபார்த்தல்

கொட்டுவதற்கு முன் மேற்பரப்பைச் சமப்படுத்தி, பெட்டியின் தரையிலிருந்து மணலின் மேல்மட்டம் வரை அளக்க வேண்டும். பெட்டியின் வெளிப்புற உயரத்தை அளந்தால் கணக்கு மிகும். முதல் நடையை எடைமேடையில் நிறுத்தி எடுத்த எடையிலிருந்து, அன்றைய சரக்கின் உண்மையான அடர்த்தி தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 194-இன்படி அதிக சுமைக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஆகவே ஒரு நடையை மிச்சப்படுத்தக் குவித்து ஏற்றுவது இலாபமாகாது.