பார்வையாளர் நழுவும் நொடி

பத்து நிமிட சமையல் வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். யூடியூப் ஸ்டூடியோவில் எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் கோடு, தொடக்கத்தில் சரியத்தான் செய்யும். அதில் பதற ஒன்றுமில்லை. நடுவில் திடீரென விழும் இடம்தான் முக்கியம்.

எடிட்டிங் மென்பொருளில் ஒலி அலையைத் திறந்து, அதே நிமிடத்தைப் பாருங்கள். அலை தட்டையாகக் கிடந்தால் அங்கே மௌனம்: வெங்காயம் வதங்குகிறது, பேச்சே இல்லை. கோடு பள்ளத்தில் இறங்கி மீண்டும் ஏறினால், பார்வையாளர் தள்ளிவிட்டு முன்னே போயிருக்கிறார். ஏறவே இல்லையென்றால் போயே போய்விட்டார்.

பின்னணி இசையின் குற்றம் அலையில் தெரியாது. பேச்சும் இசையும் கலந்து அலை தடிமனாகவே இருக்கும். ஹெட்போனைக் கழற்றி, போன் ஸ்பீக்கரில் கேட்டால்தான் "உப்பு எவ்வளவு?" என்பதே காதில் விழாதது புரியும். இசையைப் பேச்சைவிட 15 முதல் 20 டெசிபல் தாழ்த்துவது வழக்கம். மைக் இரைச்சலோ முதல் நிமிடத்திலேயே ஆளை விரட்டிவிடும்.

யூடியூப் தரும் தரவில் வீடியோ முழுவதற்கும் சுமார் நூறு புள்ளிகள்தான். பத்து நிமிடத்தில் ஒரு புள்ளிக்கு ஆறு நொடி. மூன்று நொடி மௌனத்தை அதில் பிடிக்க முடியாது. தவிர, அதே இடத்தில் காட்சியும் மாறியிருந்தால் பழியை ஒலி மேல் போட அவசரப்படக் கூடாது.