தொடும் இடம்தான் காட்டிக்கொடுக்கும்

மகள் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்த அப்பாவை, கல்யாணப் படத்தில் அவள் தோள்மேல் கைபோட்டு நிற்கிற மாதிரி செய்து தரச் சொல்லி ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் உண்டு. ஆளை வெட்டிப் பக்கத்தில் நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. சிக்கல் அந்தக் கையில்தான்.

1994இல் வந்த ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தில் டாம் ஹாங்க்ஸ், 1963இல் கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடியோடு கைகுலுக்குவார். நீலத்திரை முன்னால் தனியாகப் படமெடுத்த ஹாங்க்ஸைப் பழைய ஆவணப்படத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். விஷுவல் எஃபெக்ட்ஸுக்காக அந்தப் படத்துக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அன்று ஹாலிவுட் செய்த வேலையைத்தான் இன்று போட்டோஷாப் வைத்திருக்கும் எந்த ஸ்டூடியோவிடமும் வாடிக்கையாளர் எதிர்பார்க்கிறார்.

கையை மேலே ஒட்டிவிட்டால் ஏன் அது மிதக்கிறது? மேகமூட்டமான நாளில் தரையில் நிழல் விழாது. ஆனால் அன்றைக்கும் தோளைத் தொடும் விரலுக்கு அடியில் ஒரு கறுத்த கோடு இருக்கும். எல்லாத் திசையிலிருந்தும் வரும் வெளிச்சம் அந்த இடுக்குக்குள் மட்டும் நுழைய முடியாததால் வருவது அது. தொடும் இடத்தில் அது மெல்லியதாகவும் அழுத்தமாகவும் இருக்கும். விலக விலகப் பரந்து வெளுக்கும். வெயிலில் விழும் நிழலுக்கும் இதே குணம் உண்டு. பொருள் பத்து சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் நிழலின் ஓரம் சுமார் ஒரு மில்லிமீட்டர் மங்கும், தொட்டுக்கொண்டிருந்தால் மங்கவே மங்காது. ஆகவே ஓரம் முழுக்க ஒரே சீராக மங்கிய நிழலைப் பார்த்தாலே, ‘இது தொடவில்லை’ என்று கண் சொல்லிவிடும்.

அனுபவமுள்ளவர்கள் இதனால்தான் நிழலை இரண்டு லேயராகப் போடுகிறார்கள். விரலின் ஓரத்தை ஒட்டி மயிரிழை போல ஒன்று, அதைச் சுற்றி அகலமாக, லேசாக இன்னொன்று. இரண்டும் Multiply முறையில் இருக்கும். நிறம் கறுப்பு அல்ல. அரக்குப் பட்டுப்புடவை என்றால், அதே புடவையின் மடிப்புக்குள் இருக்கும் இருண்ட அரக்கைத் தொட்டு எடுக்க வேண்டும். புடவையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் விரலின் அடிப்பக்கத்திலும் கொஞ்சம் சிவப்பைப் பூசும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

அடுத்தது, யார் முன்னால், யார் பின்னால் என்ற கணக்கு. அணைத்து நிற்கும் அப்பா மகளுக்கு முன்னாலும் இருக்கிறார், பின்னாலும் இருக்கிறார். உடம்பும் முழங்கையும் அவளுக்குப் பின்னே. விரல்கள் தோளைச் சுற்றி முன்னே. எனவே அவரை இரண்டு துண்டாக்கி, மகளை நடுவில் வைக்க வேண்டும். கைகோத்து நிற்பதாக இருந்தால் இன்னும் பாடு. விரல்கள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழும் போகும். மகளின் கூந்தல் இழைகளும் மல்லிகைச் சரமும் கைமேல் விழ வேண்டும். விரல் அழுத்தும் இடத்தில் புடவை கொஞ்சம் குழிந்து சுருங்க வேண்டும். துணி விறைப்பாக நின்றால் நிழல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

இவ்வளவையும் வரைவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அப்பாவின் பழைய படத்தில் கைகள் பெரும்பாலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்; அந்தக் கையை வளைத்து மடக்கினால் ரப்பர் கையாகிவிடும். அதற்குப் பதில், அதே உடல்வாகுள்ள சித்தப்பாவை வேட்டி சட்டையோடு மகள் பக்கத்தில் நிற்கவைத்து, தோளில் நிஜமாகவே கைபோடச் சொல்லிப் படம் எடுத்துவிடலாம். அணைப்பும் நிழலும் துணியின் சுருக்கமும் உண்மையானவை. மாற்றவேண்டியது முகமும் கழுத்தும் மட்டும். ஒரே நிபந்தனை: பழைய படத்தில் அப்பாவின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, சித்தப்பாவையும் அப்படியே வெளிச்சத்தில் நிறுத்த வேண்டும், கேமரா உயரமும் ஒத்துப்போக வேண்டும். இந்த வழி ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள்; முடிவைப் பார்த்தால் சுளிக்கமாட்டார்கள்.

முடித்த படத்தைச் சோதிக்கச் சுலபமான வழி, நிறத்தை எடுத்துவிட்டு இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது. ஒட்டிய கை மட்டும் வெளுத்தோ, அதன் ஓரம் மற்ற ஓரங்களைவிடக் கூர்மையாகவோ இருந்தால் உடனே தெரியும். பழைய படத்திலிருந்து வந்த முகத்தில் பொடிப்பொடியான கிரெயின் இருந்து, புதுப் படம் வழவழப்பாக இருந்தாலும் குட்டு உடைந்துவிடும். இரண்டுக்கும் மேல் ஒரே மெல்லிய கிரெயினைத் தூவிச் சரிசெய்வார்கள்.

இப்படியொரு படம் செய்யக் கொடுப்பவர்கள், அப்பாவின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கும்போது முகத்தின் நுண்விவரம் போய்விடும். ஆல்பத்திலிருக்கும் பிரிண்டையே எடுத்துக்கொண்டு போய் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.