அப்பா... ஜெம் கிளிப்பை அழுத்துங்க!

வேளச்சேரிக்காரர்களுக்கு மழை வரப்போகிறது என்று ரேடியோ சொல்ல வேண்டியதில்லை. மேம்பாலத்தைப் பார்த்தால் போதும். கார்களெல்லாம் வரிசையாக மேலே ஏறி ஓரங்கட்டி நிற்கும்! காரை ஏற்றிவிடலாம் சார், அப்பா அம்மாவை எந்தப் பாலத்தில் ஏற்றுவது?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் சரி, 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல் மழையிலும் சரி, இங்கே தெருவில் படகு விட்டார்கள். படகுக்காரருக்கு அட்ரஸ் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். நாலாவது குறுக்குத் தெரு என்பது ஒவ்வொரு நகருக்கும் ஒன்று இருக்கும். பெயர்ப் பலகை தண்ணீருக்குள். "பச்சை கேட் வீடு" என்றால் கேட்டும் தண்ணீருக்குள்! அந்த நேரத்தில் கைகொடுப்பது வாட்ஸ்அப்பில் இருக்கிற லொகேஷன்தான். வீடு எங்கே இருக்கிறது என்று மேப்பில் புள்ளி வைத்து அனுப்பிவிடும்.

நீங்களும் நானும் இதைத் தூக்கத்தில்கூடச் செய்வோம். எழுபத்து நாலு வயது அப்பா செய்ய வேண்டுமே! நாம் ஆபீஸில் இருப்போம், அல்லது வெளியூரில். போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தால், போனைக் காதில் வைத்துக்கொண்டே "எங்கேடா இருக்கு அந்த பட்டன்?" என்பார். காதில் இருக்கிற திரையை எப்படிப் பார்ப்பது? அதனால் எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

என் தம்பி எழுதினான். ஒரே மெசேஜில் பன்னிரண்டு வரி! அப்பா பேங்க்கில் கேஷியராக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு கட்டை எண்ணி முடித்து ரப்பர் பேண்ட் போடாமல் அடுத்த கட்டைத் தொடமாட்டார். முதல் வரியைப் படித்து அதன்படி செய்ததும் திரை மாறியது. மெசேஜ் மறைந்தது. மீதி பதினொரு வரியும் போச்சு! "உன் லெட்டரைக் காணோம்டா" என்று தம்பிக்குப் பதில் போட்டார்.

சூட்சுமமே இதில்தான். ஒரு மெசேஜில் ஒரு வேலை. அவர் "ஆச்சு" என்று பதில் போட்ட பிறகுதான் அடுத்தது. எந்த இடத்தில் நம் மெசேஜ் கண்ணிலிருந்து மறையும், எந்த இடத்தில் அவரால் பதில் போட முடியாது என்பதை நாம் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு நான் அனுப்பியதை அப்படியே தருகிறேன். அவருடையது ஆண்ட்ராய்டு போன், இங்கிலீஷில் வைத்திருக்கிறார்.

"அப்பா, திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலால் கீழே இழுங்க. Location என்று இருக்கும். அது கலராக எரியணும். எரியலைன்னா ஒரு தடவை தொடுங்க. திரும்பி இங்கே வந்து 'ஆச்சு'ன்னு போடுங்க."

"ஆச்சு."

"நீங்க டைப் அடிக்கிற கட்டத்துக்குள்ளே வலது பக்கம் ஜெம் கிளிப் மாதிரி ஒரு படம். தெரியுதா? அழுத்த வேண்டாம். தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க."

"தெரிகிறது. ஜெம் கிளிப்பேதான்."

'அட்டாச்மென்ட் ஐகான்' என்று எழுதியிருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பார். முப்பது வருஷம் வவுச்சர் கோத்த மனிதருக்கு ஜெம் கிளிப் தெரியாதா! (உங்கள் அப்பாவுடையது ஐபோன் என்றால் அங்கே கிளிப் இல்லை, இடது பக்கம் ஒரு கூட்டல் குறி.)

அடுத்த மெசேஜ்தான் கொஞ்சம் பெரிசு. ஏனென்றால் இதற்குப் பிறகு மேப் வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அவர் கேள்வி கேட்கவும் முடியாது. ஆகவே அந்த ஒன்றை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"கிளிப்பை அழுத்தினா கலர் கலரா படங்கள் வரும். Location அழுத்துங்க. மேப் வரும். கீழே Send your current location என்று ஒரு வரி. அதுக்கு அடியில் Accurate to என்று போட்டு ஒரு நம்பர். அந்த நம்பர் 30-க்குக் கீழே வந்த பிறகு அந்த வரியை அழுத்துங்க."

முதல் தடவை மட்டும் போன் நடுவில் அனுமதி கேட்கும். Continue என்று வந்தால் அதையும், பிறகு While using the app என்பதையும் அழுத்தச் சொல்லி வையுங்கள். இந்த மாதிரி பெட்டி வந்தாலே திருட்டுப் பயல்கள் வேலை என்று Don't allow அழுத்திவிடுகிற அப்பாக்கள் அதிகம். பழக்கம் என்னவோ நல்ல பழக்கம்தான், இந்த இடத்துக்கு மட்டும் உதவாது!

ஐந்து நிமிஷம் கழித்து மேப் வந்தது. திறந்தால்... பக்கத்துத் தெரு பேக்கரி! மேப்புக்குக் கீழே, அக்கம்பக்கத்துக் கடை கண்ணிகளின் பெயர்களும் பட்டியலாக வரும். அப்பாவின் விரல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, நாம எப்போ பேக்கரிக்குக் குடிபோனோம்?" என்றாளாம்.

இரண்டாம் தடவை வரி சரி. ஆனால் புள்ளி நாலு தெரு தள்ளி விழுந்தது. "நம்பர் எவ்வளவு இருந்ததுப்பா?" "180. ரொம்ப நேரம் குறையவே இல்லை. அழுத்திட்டேன்."

அந்த நம்பர் மீட்டர் கணக்கு. 15 என்றால் உங்கள் வீடு, மிஞ்சினால் எதிர்வீடு. 180 என்றால் வேளச்சேரியில் அது வேறு நகர்! அப்பா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கான்கிரீட் கூரைக்குக் கீழே சாட்டிலைட் சிக்னல் சரியாக வராது. "பால்கனிக்குப் போய் ஒரு நிமிஷம் நின்னு, நம்பர் குறையுதான்னு பாருங்க" என்று அனுப்பினேன். மூன்றாம் தடவை 12. மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எங்கள் கட்டடத்தின் மேலேயே புள்ளி.

அதே திரையில் Share live location என்று இன்னொன்று உண்டு. அது 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று நேரம் வைத்துக்கொண்டு ஆள் நகர நகரக் காட்டும். அப்பா ஆட்டோவில் தனியாக ஆஸ்பத்திரி போகிறார் என்றால் சரி. வெள்ளத்தில் வேண்டாம். கரண்ட் இல்லாத வீட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச சார்ஜையும் குடித்துவிடும். நேரம் முடிந்தால் தானே நின்றும்விடும்.

இதை ஏன் வெயில் நாளிலேயே செய்ய வேண்டும்? 2015-லும் 2023-லும் பல இடங்களில் செல்போன் டவரே செத்துவிட்டது. மெசேஜுக்குப் பக்கத்தில் குட்டிக் கடிகாரம் தெரிந்தால் அது இன்னும் அப்பாவின் போனை விட்டே கிளம்பவில்லை என்று அர்த்தம். ஒரு டிக் என்றால் கிளம்பிவிட்டது, இரண்டு டிக் என்றால் உங்கள் போனுக்கு வந்துவிட்டது. வீடு என்ன, நடந்தா போகப்போகிறது? இன்றைக்கே ஒரு தடவை வாங்கி, அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து நட்சத்திரக் குறி போட்டு வைத்துக்கொண்டால், அப்பாவின் போன் அணைந்து கிடந்தாலும் நீங்கள் அதை மீட்புக்காரர்களுக்கு அனுப்பலாம். மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிடும்போதும் மேப்பைப் பார்த்துப் பக்கத்துக் கோயில், ஸ்கூல் என்று அடையாளம் சொல்லலாம். வேறு மாடிக்கோ, முகாமுக்கோ, மாமா வீட்டுக்கோ போய்விட்டால்தான் அப்பா புதிதாக அனுப்ப வேண்டும்.

ஒன்று பாக்கி. மேப்பின் புள்ளிக்கு மாடி தெரியாது. கீழ்வீடும் நாலாவது மாடியும் அதற்கு ஒன்றுதான். அதனால் அப்பாவின் துண்டுச் சீட்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மேப் போனதும், அதற்குக் கீழே "2-வது மாடி, 2 பேர், அம்மாவால் படி இறங்க முடியாது" என்று டைப் அடித்து அனுப்ப வேண்டும். சீட்டு இப்போது பிரிட்ஜ் கதவில், கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.