முழு வேகத்தில் மட்டும் மூச்சு வாங்கும் இன்ஜின்

பாதி வேகத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது அவுட்போர்டு இன்ஜின். கைப்பிடியை முழுக்கத் திருகினால்தான் படகு தளர்கிறது. சின்ன பைபர் படகுகளில் அடிக்கடி வரும் கோளாறு இது. பலர் உடனே பிளக்கைக் கழற்றுவார்கள், கார்புரேட்டரைப் பிரிப்பார்கள். அதற்கு முன் காது கொடுத்துக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். படகு தளரும்போது இன்ஜின் சத்தமும் சேர்ந்து இறங்குகிறதா, அல்லது சத்தம் எகிறி வேகம் மட்டும் இறங்குகிறதா?

சத்தமும் இறங்கினால் முதல் சந்தேகம் பெட்ரோல் வரும் வழி மேல். பாதி வேகத்தில் இன்ஜின் கேட்கும் பெட்ரோல் குறைவு. அடைப்பு இருந்தாலும் அந்த அளவு வந்துவிடும். முழு வேகத்தில் தேவை பல மடங்காகும்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

ஒரு படகில் நடப்பதைப் பார்ப்போம். 9.9 குதிரைத்திறன் இன்ஜின், படகில் வலையும் நான்கு பேரும். முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடியதும் திணறுகிறது. வேகத்தைக் குறைத்தால் சரியாகிறது, கூட்டினால் மறுபடி திணறல்.

"தம்பி, ஓடும்போதே அந்தப் பல்பைப் பிடிச்சுப் பாரு."

"சப்பிப்போய்க் கிடக்குண்ணே."

"அப்ப டாங்க் பக்கம்தான் அடைப்பு. மூடியில காத்துத் திருகைத் திற."

டாங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே குழாயில் இருக்கும் கைப் பம்புதான் பல்பு. இன்ஜின் உறிஞ்சியும் டாங்கிலிருந்து பெட்ரோல் வராவிட்டால் அது உள்ளிழுத்துச் சப்பும். மூடியின் காற்றுத் துளை மூடியிருந்தால் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், இன்ஜினும் தேறும். இந்தப் படகில் தேறவில்லை. பக்கத்துப் படகின் டாங்கையும் குழாயையும் மாட்டியதும் முழு வேகம் வந்தது. இன்ஜினில் குற்றமில்லை என்பது அங்கேயே தெளிவானது. பழைய குழாயை வெட்டிப் பார்த்தால், வெளியே நன்றாக இருந்த ரப்பரின் உட்படலம் உரிந்து மடிந்து வழியை மறித்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் குழாய்கள் இப்படி ஊறிக் கெடுவதுண்டு. புதுக் குழாய் போட்டதும் வேலை முடிந்தது.

பல்பு சப்பாமல் இருந்து, கையால் அமுக்கினால் இன்ஜின் வேகம் பிடித்தால், இன்ஜினிலுள்ள பெட்ரோல் பம்பு பலவீனமாக இருக்கலாம். இணைப்பில் காற்றுக் கசிவும் இருக்கலாம்.

சத்தம் எகிறிப் படகு மட்டும் தளர்ந்தால் புரொப்பல்லரைப் பாருங்கள். அதன் நடுவே அழுத்திப் பொருத்திய ரப்பர் புஷ் ஒன்று உண்டு. பாறையிலோ கட்டையிலோ இதழ் மோதினால் கியர் உடையாமல் காப்பதே அதன் வேலை. அது தேய்ந்தால் மெதுவாக ஓடும்போது பிடிக்கும், முழு வேகத்தில் வழுக்கும். சோதிப்பது எளிது: இன்ஜினை நிறுத்தி, தவறியும் ஸ்டார்ட் ஆகாதபடி பிளக் வயரைக் கழற்றிவிட்டு, உள்வளையத்திலிருந்து வெளிக்கூடு வரை பெயிண்டில் ஒரு நேர்கோடு போடுங்கள். வயரை மாட்டி ஒரு ஓட்டம் ஓடி வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் வழுக்குகிறது. புரொப்பல்லரைக் கழற்றும்போது தண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது சீலை அறுத்தால் கியர் ஆயிலில் தண்ணீர் புகுந்து பால்போல வெளுக்கும்.

மூன்றாவது கோளாறு உடனே தெரியாது. தொடக்கத்தில் நல்ல வேகம். சில நிமிடங்களில் இன்ஜின் சூடேறித் தளரும். பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீரைக் கவனியுங்கள். அது மெலிந்தாலோ ஆவி பறந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். விடாமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முதலில் அந்தத் துளையை நரம்பால் குத்தி உப்பையும் மணலையும் எடுங்கள். அப்படியும் வேகம் கூடாவிட்டால், கடல்நீரை மேலே தள்ளும் இம்பெல்லரைச் சந்தேகிக்கலாம். அது ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம். கடற்கரை மணலில் இறக்கி ஏற்றும் படகுகளில் மணல் அரைத்தே அது தேயும். தண்ணீர் இல்லாமல் கரையில் சில நொடிகள் ஓடவிட்டாலும் கருகும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் சும்மா நின்றால் இதழ்கள் மடிந்தபடியே விறைத்துவிடும்.

மாற்றுவதற்குக் கீழ்ப்பகுதியைக் கழற்ற வேண்டும். பழைய இம்பெல்லரின் இதழ் உடைந்திருந்தால், உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்தாக வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் நீர்ப்பாதையை அடைக்கும். புது இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, இன்ஜின் சுற்றும் திசையிலேயே தண்டைத் திருப்பியபடி மூடியை இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். தேய்மானம் தெரிகிறதோ இல்லையோ, ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுவது நல்லது. பெட்ரோல் வழி, புரொப்பல்லர், தண்ணீர் மூன்றும் சரியாக இருந்தும் சக்தி வராவிட்டால், அப்போது கார்புரேட்டரையும் கம்ப்ரஷனையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.