மோட்டாரைச் சரிசெய்தது யார்?

பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தமிழர், தமிழ் தெரியாத வீட்டு உரிமையாளருக்கு ஆங்கிலத்தில் இப்படி ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'ஐ ரிப்பேர்ட் த மோட்டார். ஐ சேஞ்ச்ட் த வயரிங். டுமாரோ ஐ வில் க்ளீன் த டேங்க்.'

அவர் சொல்ல நினைத்தது, மெக்கானிக்கை அழைத்து மோட்டாரைச் சரிசெய்தாயிற்று, எலக்ட்ரீஷியனை விட்டு வயரிங்கை மாற்றியாயிற்று, நாளைக்குத் தொட்டி கழுவ ஆள் வருகிறார் என்பது. படிக்கிறவருக்குத் தெரிவதோ, குடியிருப்பவரே ஸ்க்ரூடிரைவரை எடுத்து எல்லாவற்றையும் செய்திருக்கிறார் என்பது. கரண்ட் வேலையில் இவர் ஏன் கை வைத்தார் என்று உரிமையாளர் பதறலாம். பிறகு கூலிக்கான பில்லை அனுப்பினால், 'நீங்களேதானே செய்தீர்கள்?' என்று கேட்கலாம்.

அந்தச் செய்தியில் எழுத்துப்பிழையும் இல்லை, காலப்பிழையும் இல்லை. தமிழில் இயல்பாக வரும் ஒரு வழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதுதான் சிக்கல். 'முடி வெட்டிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டு சலூனுக்குப் போகிறோம். 'கண் செக் பண்ணணும்' என்று ஆபீஸில் பெர்மிஷன் கேட்கிறோம். வெட்டுவதும் செக் பண்ணுவதும் வேறொருவர் என்பது கேட்பவருக்குத் தெரியும். பள்ளி இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு. தச்சன் நாற்காலியைச் செய்தான் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்றால் கரிகாலன் ஏவுதற் கருத்தா. இரண்டிலும் வினைச்சொல்லின் அமைப்பு ஒன்றுதான். யார் செய்தார், யார் செய்வித்தார் என்பதைச் சூழலிலிருந்து புரிந்துகொள்கிறோம்.

ஆங்கிலத்திலும், ஷாஜகான் தாஜ்மகாலைக் கட்டினார் என்று சாதாரண வினையிலேயே சொல்வார்கள். பேரரசர் கல் சுமக்கவில்லை என்று யாருக்கும் தெரியும். ஆனால் முடி, வண்டி, வயரிங், சட்டை போன்றவற்றை ஒருவர் தானேயும் செய்துகொள்ளலாம், ஆளை வைத்தும் செய்யலாம். அந்த இடங்களில் ஆங்கிலம் வாக்கிய அமைப்பையே மாற்றச் சொல்கிறது.

அந்த அமைப்பில் மூன்று துண்டுகள் வரிசையாக வரும். முதலில் 'ஹேவ்' அல்லது 'கெட்', அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். 'கோ, வென்ட், கான்' என்று ஒப்பித்தோமே, அதில் மூன்றாவதாக வருவதுதான் அது. 'ஐ ஹேட் த மோட்டார் ரிப்பேர்ட்' என்றால் ஆளை வைத்து மோட்டாரைச் சரிசெய்தேன் என்று பொருள்.

காலத்தைக் காட்டும் பொறுப்பு முழுவதும் முதல் துண்டுக்குத்தான். நேற்று என்றால் 'ஹேட்', நாளை என்றால் 'வில் ஹேவ்', இப்போது நடக்கிறது என்றால் 'ஆம் ஹேவிங்'. கடைசித் துண்டு எந்தக் காலத்திலும் அசையாது. 'ஐ வில் ஹேவ் த மோட்டார் ரிப்பேர்' என்று எழுதினால் தவறு. எதிர்காலமானாலும் 'ரிப்பேர்ட்' என்றே வர வேண்டும். பேச்சில் அந்தக் கடைசி 'ட்' மெலிந்துபோவதால், காதால் மட்டும் கேட்டுப் பழகியவர்கள் எழுதும்போது இதை விட்டுவிடுகிறார்கள்.

வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும். 'ஐ ஹேட் த மோட்டார் ரிப்பேர்ட்' என்பதில் உள்ள அதே சொற்களை 'ஐ ஹேட் ரிப்பேர்ட் த மோட்டார்' என்று அடுக்கிப் பாருங்கள். வேறொன்று நடப்பதற்கு முன்பே நான் என் கையால் மோட்டாரைச் சரிசெய்திருந்தேன் என்றாகிவிடும். பொருள் நடுவில் இருந்தால் வேலை பிறருடையது. கடைசிக்குப் போனால் வேலை நம்முடையது.

வேலை செய்தவரையும் குறிப்பிட வேண்டுமென்றால்? நடுவில் பொருளுக்குப் பதில் ஆள் வந்து உட்கார்வார். அப்போது வினை மூன்றாம் வடிவத்தை விட்டு முதல் வடிவத்துக்கு வந்துவிடும். 'ஐ ஹேட் த எலக்ட்ரீஷியன் செக் த வயரிங்.' காரணம் எளிது. வயரிங் சோதிக்கப்படுகிறது, எலக்ட்ரீஷியன் சோதிக்கிறார். நடுவில் இருப்பது வேலைக்கு உள்ளாகிறதா, வேலையைச் செய்கிறதா என்று கேட்டால் வடிவம் தானாகத் தெரிந்துவிடும். 'கெட்' போட்டால் மட்டும் ஆளுக்குப் பின்னால் ஒரு 'டு' வேண்டும்: 'ஐ காட் த ப்ளம்பர் டு கம்.' இந்த 'டு'வை 'ஹேவ்' வாக்கியத்தில் போடுவதும், 'கெட்' வாக்கியத்தில் விடுவதும் நம்மிடம் அடிக்கடி காணும் பிழைகள்.

அப்படியானால் எங்கே 'ஹேவ்', எங்கே 'கெட்'? பொருள் நடுவில் வரும்போது பெரும்பாலும் எதைப் போட்டாலும் தவறில்லை. 'ஹேவ்' நிதானமானது, வழக்கமான ஏற்பாடு ஒன்றைச் செய்தோம் என்று மட்டும் சொல்லும். அலுவலகக் கடிதத்துக்கு அது பொருந்தும். 'கெட்' பேச்சுக்கு நெருக்கமானது. அலைந்து, கேட்டு, ஒருவழியாக முடித்தோம் என்ற தொனியும் அதில் ஏறும். மாவு அரைத்து வாங்கினேன், ரவிக்கை தைத்து வாங்கினேன் என்கிறோமே, அந்த 'வாங்கு' இதற்கு மிக அருகில் இருக்கிறது. ஆளை நடுவில் வைத்தாலும் இதே வித்தியாசம்தான். எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன், பார்த்தார் என்றால் 'ஹேவ்'. பலமுறை போன் செய்து ப்ளம்பரை வரவழைத்தேன் என்றால் 'கெட்'.

இனி அந்தச் செய்தியைத் திருத்தி எழுதலாம். 'ஐ ஹேட் த மோட்டார் ரிப்பேர்ட். ஐ ஹேட் த வயரிங் சேஞ்ச்ட். ஐ ஆம் ஹேவிங் த டேங்க் க்ளீன்ட் டுமாரோ.' கடைசி வாக்கியத்தில், ஆளிடம் பேசி நாளும் குறித்தாயிற்று என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது. பணம் கொடுத்துச் செய்த வேலை என்பது இப்போது தெளிவு. பில் ஏன் வருகிறது என்று உரிமையாளர் கேட்க வேண்டியதில்லை.

கேள்வியும் மறுப்பும் வரும்போது 'டிட்' துணைக்கு வர வேண்டும். 'டிட் யூ ஹேவ் த மோட்டார் ரிப்பேர்ட்?', 'ஐ டிடின்ட் ஹேவ் இட் ரிப்பேர்ட்.' இங்கே 'ஹேவ்' முழு வினையாக வேலை செய்வதால், 'ஹேட் யூ' என்று தொடங்கினால் சரிவராது.

இந்த அமைப்பைக் கண்டதெல்லாம் ஏற்பாடு என்றும் நினைத்துவிடக் கூடாது. 'ஹி ஹேட் ஹிஸ் ஃபோன் ஸ்டோலன்' என்றால் ஆளை வைத்துத் திருடச் சொன்னார் என்றல்ல, அவருடைய போன் திருடுபோய்விட்டது என்று பொருள். யாரும் கேட்டு வாங்காத இழப்புக்கும் ஆங்கிலம் இதே சட்டத்தைத்தான் பயன்படுத்துகிறது. அதேபோல 'ஐ காட் த வொர்க் டன்' என்பதைத் தானே உட்கார்ந்து வேலையை முடித்தவரும் சொல்லலாம். பணம், பொறுப்பு, உத்தரவாதம் சம்பந்தப்பட்ட செய்தியில் அந்த இரட்டைப் பொருளுக்கு இடம் வைக்க வேண்டாம். வேலை செய்தவரை வாக்கியத்தின் கடைசியில் 'பை எ ப்ளம்பர்' என்று ஒட்டிவிட்டால், செய்தவர் யார், செய்வித்தவர் யார் என்பதில் சந்தேகமே வராது.